பிளேட்லெட் ரிப்போர்ட்டோடு காத்திருக்கும் உறவினர்களுக்கு

டெங்கு வார்டில் உங்கள் வீட்டு ஆளுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கும் அண்ணன் அக்காக்களுக்கும் வணக்கம். நான் காய்ச்சல் வார்டில் செவிலியராக இருக்கிறேன். உங்களோடு பல ராத்திரிகள் விழித்திருக்கிறேன். காலையில் ரத்த ரிப்போர்ட் வந்ததும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி "சிஸ்டர், பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான். அந்த எண் குறைந்திருந்தால் அடுத்த அரை மணி நேரத்தில் யாராவது ஒருவர் பப்பாளி இலைச்சாறோடு வந்துவிடுகிறார்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கட்டிலில் கிடப்பவர் உங்கள் பிள்ளை, கையில் இருப்பது ஒரே ஒரு எண், அதை ஏற்ற ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு துடிக்கும். ஆனால் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு எண் கண்ணில் படாமல் போகிறது. ஆபத்தை முன்கூட்டியே சொல்வது பெரும்பாலும் அந்த இன்னொரு எண்தான்.

ஒரு நோயாளியின் கணக்கைச் சொல்கிறேன். வார்டில் திரும்பத் திரும்ப நடப்பதை ஒரே ஆளாக்கி, எண்களையும் எளிதாக்கிச் சொல்கிறேன். 60 கிலோ எடையுள்ள இளைஞர். காய்ச்சலின் மூன்றாம் நாள் பிளேட்லெட் 1,30,000. நான்காம் நாள் 85,000. அன்று சாயங்காலம் வீட்டார் இலைச்சாறு கொடுக்க ஆரம்பிக்கிறார்கள். ஐந்தாம் நாள் காலை 48,000. ஆறாம் நாள் 24,000, எல்லோருக்கும் கண்ணீர் வந்துவிடுகிறது. ஏழாம் நாள் 36,000. எட்டாம் நாள் 82,000. "பார்த்தீர்களா, சாறு வேலை செய்துவிட்டது" என்று அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

சாறு ஒரு சொட்டுகூடக் குடிக்காத பக்கத்துக் கட்டில்காரருக்கும் கிட்டத்தட்ட இதே வரிசைதான். டெங்கு வைரஸ் எலும்பு மஜ்ஜையில் பிளேட்லெட் உற்பத்தியைச் சில நாட்கள் மந்தமாக்குகிறது, ரத்தத்தில் ஏற்கெனவே இருப்பவற்றை உடலின் எதிர்ப்பு சக்தியே அழிக்கவும் செய்கிறது. அதனால் காய்ச்சல் விடுகிற சமயத்தில் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகிறது. வைரஸ் அடங்கியதும் மஜ்ஜை மறுபடி வேலையைத் தொடங்கி, அது தானாகவே ஏறுகிறது. பயம் வருகிற நான்காம் ஐந்தாம் நாளில்தான் எல்லோரும் சாறு கொடுக்கிறார்கள், ஏறும் நாள் அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து வருகிறது. அந்த நாட்களில் எதைக் கொடுத்திருந்தாலும், வெறும் தண்ணீரே கொடுத்திருந்தாலும், அதுதான் ஏற்றியது என்று தோன்றும்.

சரி, இப்போது அதே இளைஞரின் ரிப்போர்ட்டில் இன்னொரு வரியைப் பாருங்கள். பி.சி.வி. என்றோ ஹெமட்டோக்ரிட் என்றோ போட்டிருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்திருக்கின்றன என்பதுதான் அது. மூன்றாம் நாள் 40, நான்காம் நாள் 42, ஐந்தாம் நாள் 48. சிவப்பணுக்கள் ஒரே நாளில் பெருகிவிடவில்லை. ரத்தக் குழாய்களின் சுவர் கசிந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் போய்விட்டது, மிச்சம் இருக்கும் ரத்தம் கெட்டியாகிவிட்டது. 40 இருந்தது 48 ஆனால் ஐந்தில் ஒரு பங்கு ஏற்றம், கசிவு நன்றாகவே நடக்கிறது என்பதற்கான அளவு அது. டெங்குவில் பெரும்பாலான உயிரிழப்புக்கு முதல் காரணம் இந்தக் கசிவும், அதனால் உடல் உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாமல் வரும் அதிர்ச்சி நிலையும்தான். கடுமையான ரத்தக்கசிவு பல பேருக்கு அந்த அதிர்ச்சி நிலை நீண்டுபோன பிறகே வருகிறது.

ஐந்தாம் நாள் காலை என்ன நடந்தது தெரியுமா? காய்ச்சல் விட்டிருந்தது. வீட்டார் நிம்மதியாக இருந்தார்கள், 48,000 ஒன்றும் அவ்வளவு மோசமில்லை என்று பேசிக்கொண்டார்கள். அவருக்கோ வயிற்றுவலி, இரண்டு முறை வாந்தி, கை சில்லிட்டிருந்தது, முந்தின ராத்திரி படுத்ததிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை. ரத்த அழுத்தம் 104/78. மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்தால் நார்மல் என்று தோன்றும். இரண்டுக்கும் இடையில் சாதாரணமாக 40 அளவுக்கு இருக்க வேண்டிய இடைவெளி 26 ஆகச் சுருங்கியிருந்தது, அது 20-க்கு வந்துவிட்டால் அதிர்ச்சி நிலை. உடனே டிரிப் ஏற்றினோம், கிலோவுக்கு 5 மில்லி வீதம் மணிக்கு 300 மில்லி. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பி.சி.வி. 45-க்கு இறங்கியிருந்தது, கை சூடானது, சிறுநீர் வந்தது. அப்புறம் மணிக்கு 180 என்று குறைத்தோம். அவரைக் காப்பாற்றியது அந்த உப்புத் தண்ணீர்தான்.

மறுநாள், பிளேட்லெட் 24,000 என்று நீங்கள் அழுத அந்த ஆறாம் நாள், பி.சி.வி. 43-க்கு வந்திருந்தது, அவர் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றார். ரிப்போர்ட் மிக மோசமாகத் தெரிந்த நாளில் நோயாளி தேறிக்கொண்டிருந்தார். ரிப்போர்ட் பரவாயில்லை என்று தோன்றிய முந்தின நாளில்தான் உயிர் ஊசலாடியது. இந்த ஒன்றை உங்களுக்குப் புரியவைக்க முடிந்தால் போதும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அந்த ஆறாம் நாளில் நீங்கள் கேட்கும் இன்னொன்று, "வெளியிலிருந்து பிளேட்லெட் ஏற்றக் கூடாதா?" என்பது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிளேட்லெட் 20,000-க்கோ அதற்குக் கீழோ போன 372 பெரியவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் முன்னெச்சரிக்கையாக பிளேட்லெட் ஏற்றிப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஏற்றியதால் ரத்தக்கசிவு குறைந்தது என்று காட்ட முடியவில்லை, ஒவ்வாமை போன்ற தொல்லைகள்தான் அந்தப் பிரிவில் கூடுதலாக இருந்தன. யோசித்துப் பாருங்கள், நேராக நரம்பில் ஏற்றிய பிளேட்லெட்டே இவ்வளவுதான் செய்கிறது என்றால், எண்ணிக்கையைக் கொஞ்சம் ஏற்றலாம் என்று நம்பிக் கொடுக்கும் இலைச்சாறு என்ன செய்துவிடும்? ரத்தம் உண்மையிலேயே நிறைய வெளியேறும்போது கதை வேறு, அப்போது மருத்துவர்களே ஏற்றுவார்கள்.

இலைச்சாறு பற்றி ஆராய்ச்சியே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். 2013-இல் மலேசியாவில் 228 நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. பாதிப் பேருக்கு 50 கிராம் இலையின் சாறு தினம் ஒரு முறை, மூன்று நாள். சாறு குடித்தவர்களுக்கு பிளேட்லெட் கொஞ்சம் சீக்கிரம் ஏறியது என்று முடிவு. ஆனால் யார் சாறு குடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது, பார்த்ததும் முக்கியமாக எண்ணிக்கையைத்தான். சாறு குடித்ததால் கசிவு நின்றது, அதிர்ச்சி நிலை குறைந்தது, உயிரிழப்பு குறைந்தது என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. பிளேட்லெட் ஒரு நாள் முன்னதாக ஏறினாலும் ரத்தக் குழாயின் ஓட்டை அதனால் அடைபடாது.

"சரி, நல்லது செய்யாவிட்டாலும் கெட்டது ஒன்றும் இல்லையே" என்பீர்கள். வார்டில் பார்ப்பதைச் சொல்கிறேன். சாறு கடுமையான கசப்பு. ஏற்கெனவே குமட்டலில் இருப்பவர் அதைக் குடித்ததும் வாந்தி எடுக்கிறார், அரை மணி நேரமாகக் கஷ்டப்பட்டுக் குடித்த தண்ணீரும் சேர்ந்து வெளியே வந்துவிடுகிறது. கசப்பு வாயில் நிற்பதால் அதற்கப்புறம் எதையும் குடிக்க மாட்டேன் என்கிறார். இன்னொரு சிக்கல், டெங்குவில் விடாத வாந்தியும் வயிற்றுவலியும் அபாய அறிகுறிகள். அந்த வாந்தி சாறால் வந்ததா, கசிவால் வந்ததா என்று தெரியாமல் நாங்கள் திண்டாடுகிறோம். வீட்டில் இருப்பவர்கள் "சாறு ஒத்துக்கொள்ளவில்லை போல" என்று நினைத்து அரை நாள் கழித்துத்தான் கூட்டிவருகிறார்கள். அந்த அரை நாளை எங்களால் திருப்பிக் கொண்டுவர முடிவதில்லை.

அப்படியானால் வீட்டில் என்ன செய்வது? காய்ச்சல் இருக்கும் நாட்களில் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் இரண்டரை லிட்டர், 50 கிலோவுக்குக் குறைவானவருக்கு கிலோவுக்கு 50 மில்லி. இதயம், சிறுநீரகத் தொந்தரவு இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவர் சொல்லும் அளவுதான். வெறும் தண்ணீராகவே ஊற்றினால் உப்பு குறைந்துவிடும், அதனால் ஓ.ஆர்.எஸ். கரைசல், கஞ்சி, பழச்சாறு என்று மாற்றி மாற்றி. ஒரே மடக்கில் வேண்டாம், குமட்டுகிறவருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மூன்று கரண்டி கொடுத்தாலே நாள் முடிவில் கணிசமாக உள்ளே போயிருக்கும். காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வகைகள் ரத்தக்கசிவைக் கூட்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சிறுநீர் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றாலோ, வயிறு வலித்தாலோ, வாந்தி நிற்கவில்லை என்றாலோ, ஈறு மூக்கில் ரத்தம் வந்தாலோ, ஆள் மந்தமாகவோ பதற்றமாகவோ இருந்தாலோ, பிளேட்லெட் எண் என்னவாக இருந்தாலும் உடனே கிளம்பிவிடுங்கள். காய்ச்சல் விட்ட முதல் இரண்டு நாட்களில் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

திரவம்தான் மருந்து என்றதும் சிலர் டிரிப்பை நிறுத்தும்போது சண்டைக்கு வருகிறீர்கள். கசிவு 24 முதல் 48 மணி நேரம்தான். அதற்கப்புறம் வெளியே போன நீர் தானாக ரத்தத்துக்குத் திரும்பும், அந்த நேரத்திலும் டிரிப் ஓடினால் நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சு முட்டும். அந்த இளைஞருக்கு ஏழாம் நாள், பிளேட்லெட் வெறும் 36,000 இருக்கும்போதே நாங்கள் டிரிப்பைக் கழற்றியது அதனால்தான். பி.சி.வி. 39-க்கு வந்திருந்தது, சிறுநீர் தாராளமாகப் போனது, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் நன்றாக இருந்தன.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்களில் சிலர் சாறு கொடுப்பீர்கள் என்று தெரியும். ஒளித்துக் கொடுக்காதீர்கள், நான் திட்ட மாட்டேன். எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று என்னிடம் சொல்லுங்கள், கட்டிலில் தொங்கும் தாளில் தண்ணீர்க் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் வாந்தி எடுத்தால், மருத்துவரை எழுப்பும்போது அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.