46 என்ற எண்ணை நம்பிவிடாதீர்கள்: வன்னியின் உயர்தர இரசாயனவியல் வினாத்தாள் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் உயர்தர மாணவருக்கு முன்னோடிப் பரீட்சை வினாக்கள் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். இருநைதரசன் நாலொட்சைட்டின் கூட்டற்பிரிகை அளவை அடர்த்தியிலிருந்து காணும் கணக்கில், அடர்த்தியைத் தயாராகக் கொடுத்து α கேட்பதே வழக்கமாகிவிட்டது. சூத்திரம் தெரிந்தவருக்கு அது இரண்டு வரி. N₂O₄ ஒரு மூலில் α அளவு பிரிந்தால் மொத்தம் 1+α மூல் ஆகிறது, திணிவு மாறுவதில்லை. ஆகவே கலவையின் சராசரி மூலர்த் திணிவு M = 92/(1+α), அந்த M = dRT/P. பிழை இங்கே வருவதில்லை. d என்ற எண் தராசிலிருந்து பிறக்கும் இடத்தில்தான் வருகிறது.

250 மில்லிலீற்றர் கண்ணாடிக் குமிழ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை 30 °C, அமுக்கம் 100 kPa. பாடசாலையில் வெற்றிடப் பம்பி இல்லாதபடியால் குமிழைக் காற்றோடு நிறுக்கிறோம். பிறகு வாயுவைச் செலுத்தியே காற்றை முழுவதும் வெளியேற்றி நிரப்பி, மூடி, மறுபடி நிறுக்கிறோம். வித்தியாசம் 0.455 g. இதை 0.250 லீற்றரால் வகுத்தால் 1.82 g/L. RT/P இங்கு 25.2 லீற்றர் என்பதால் M ஏறத்தாழ 46, α = 1.

விடை மிக அழகாக இருக்கிறது. 46 என்பது NO₂ இன் மூலர்த் திணிவு அல்லவா? “முழுவதும் பிரிந்துவிட்டது” என்று மாணவர் எழுதுவார், திருத்துபவரும் சரி போடக்கூடும். ஆனால் முதல் நிறுவையில் குமிழுக்குள் 0.288 g காற்று இருந்தது. அதைக் கூட்டினால் வாயுவின் உண்மைத் திணிவு 0.743 g, அடர்த்தி 2.97 g/L, M = 74.9, α = 0.23. கால்வாசிகூடப் பிரியவில்லை. காற்றின் சராசரி மூலர்த் திணிவு 29 என்பதால், அதை மறந்தவருக்கு M இல் சரியாக 29 குறைகிறது. நமது சாதாரண வெயில் வெப்பநிலையில் 75 இலிருந்து 29 போனால் 46 என்பது வெறும் தற்செயல். மோசமான தற்செயல்.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. அதே வேலையை 60 °C நீர்த்தொட்டியில் செய்து, அங்கேயே மூடி, ஆறவிட்டு நிறுத்தால் வாயுவின் திணிவு ஏறத்தாழ 0.537 g. M = 59.5, α = 0.55 என்று வரவேண்டும். 30 °C இல் நிறுத்த அதே 0.288 g காற்றை மறந்தவருக்கு M = 27.6, α = 2.3. α ஒன்றைத் தாண்ட முடியாது, பிழை அங்கே கையும் களவுமாகப் பிடிபடும். வினாவில் இந்த இரண்டாம் வெப்பநிலையையும் சேர்த்தால் சூத்திரத்தை மனனம் செய்தவரும் நின்று யோசிப்பார்.

இதே சோதனையில் இன்னொரு சறுக்கல்: ஆறிய குமிழை நிறுக்கும்போது அறை 30 °C ஆக இருக்கலாம். கணக்கில் போட வேண்டியது மூடிய கணத்தின் 333 K உம் அப்போதைய அமுக்கமும்தான். ஆறியபின் உள்ளே அமுக்கம் குறைந்து NO₂ மூலக்கூறுகள் மறுபடி இணைகின்றன; திணிவு மட்டுமே மாறாமல் நிற்கிறது. இதனால்தான் வினாவில் “இவ்வெப்பநிலையில் இவ்வமுக்கத்தில்” என்ற சொற்களை வெட்டக்கூடாது. 30 °C இலேயே அமுக்கத்தை 50 kPa ஆக்கினால் α 0.31 ஆகிறது. அடர்த்தி 1.49 ஆகப் பாதியாவதில்லை, 1.39 g/L க்கு இறங்குகிறது. Kp = 4α²P/(1−α²) இரண்டு அமுக்கங்களிலும் ஏறத்தாழ 22 kPa.

செய்முறையாகச் செய்ய எண்ணுபவர்களுக்கு: ஈயநைத்திரேற்றைச் சூடாக்கும்போது ஒட்சிசனும் சேர்ந்து வரும். அது M ஐக் குறைத்து α ஐ உயர்த்திக் காட்டும். உப்பிட்ட பனிக்கட்டியில் வாயுவைத் திரவமாக்கி (கொதிநிலை 21 °C) ஒட்சிசனைப் போகவிட வேண்டும். ஈரக் காற்று புகுந்தால் நைத்திரிக்கமிலம் உண்டாகும், இறப்பர் அடைப்பானும் அரிக்கப்படும். முக்கியமாக, இவ்வாயுவைச் சுவாசித்தவருக்கு நுரையீரல் வீக்கம் பல மணி நேரம் கழித்தே தெரியவரலாம். புகைபோக்கிப் பெட்டி இல்லாத ஆய்வுகூடத்தில் இதைச் செய்ய வேண்டாம், தரவுகளைக் கொடுத்துக் கணிக்கச் சொன்னால் போதும்.

எங்கள் கோரிக்கை சிறியது. அடுத்த தாளில் அடர்த்தியைக் கொடுக்காதீர்கள். காற்றோடு குமிழின் நிறை, வாயுவோடு நிறை, கனவளவு, மூடியபோதைய வெப்பநிலை, அமுக்கம் ஆகியவற்றைக் கொடுங்கள். புள்ளித்திட்டத்தில் காற்றின் 0.288 கிராமுக்கென்று தனியாகப் புள்ளி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
வன்னியின் இரசாயனவியல் ஆசிரியர்கள் சிலர்