முதுகலை மாணவருக்குக் கோடை விடுமுறை இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனில் மேற்படிப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், படிக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரமும் விடுமுறையில் முழுநேரமும் மாணவர்கள் வேலை செய்யலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதே வரியை நம்பித்தான் என் அக்காள் மகன் படிப்பை முடிக்காமல் தங்கச்சிமடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவன் 2024 செப்டம்பரில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்குப் போனான். அக்காளின் நகைகள் அடகுக்குப் போயின, கல்விக்கடன் தனி. இராமநாதபுரத்தில் விண்ணப்பம் பார்த்துக் கொடுத்த முகவரும் இந்த ஒரு வரியைத்தான் சொன்னார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

பையன் கவனமானவன்தான். ஒரு மளிகைப் பேரங்காடியில் இரவு வேலை. வாரம் 20 மணியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டான். அங்கே வாரம் என்பது திங்கட்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடியும் ஏழு நாள். இந்த வாரம் 12, அடுத்த வாரம் 28, சராசரி 20 என்று கணக்குக் காட்ட முடியாது. 28 மணி நேரம் வேலை செய்த வாரம் மீறல்தான். இரண்டு கடைகளில் வேலை பார்த்தாலும் இரண்டையும் கூட்டித்தான் 20. ஞாயிறு இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை ஆறு மணி வரை நின்றால், முதல் இரண்டு மணி நேரம் அந்த வாரத்தில் சேரும், மிச்சம் ஆறு மணி நேரம் அடுத்த வாரத்தில் சேரும். இதையெல்லாம் அவன் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தான். அந்த நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு வாரம், ஒவ்வொன்றின் அடியிலும் கூட்டுத்தொகை, அதைச் சுற்றி ஒரு வட்டம்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் முழுநேரம் வேலை செய்தான். அவன் பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியில் அது முதுகலை மாணவர்களுக்கும் விடுமுறையாகவே இருந்ததால், அதில் தவறில்லை. மே மாதம் வகுப்புகள் முடிந்தன. அதே வீட்டில் தங்கியிருந்த கீழக்கரைப் பையன் ஒருவன் இளங்கலை படிப்பவன். ஜூன் பிறந்ததும் அதே கடையில் வாரம் 36 மணி நேரம் பார்க்கத் தொடங்கினான். இவனும் சேர்ந்துகொண்டான். இருவருக்கும் ஒரே வகை விசா, அதில் ஒரே நிபந்தனை, வேலை ஒரே கடையில். கீழக்கரைப் பையன் செய்தது சட்டப்படி சரி. இவன் செய்தது மீறல்.

காரணம் இதுதான். இளங்கலை மாணவருக்குக் கோடையில் பல்கலைக்கழகமே விடுமுறை அறிவிக்கிறது. ஓராண்டு முதுகலையில் பொதுவாகக் கோடை என்பது ஆய்வேடு எழுதும் காலம். வகுப்பு இல்லை, ஆசிரியரை மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும், வளாகமே வெறிச்சோடிக் கிடக்கும். ஆனாலும் அது படிப்புக் காலம்தான். படிப்பு முடியும் தேதி வரை 20 மணி நேர வரம்பு அப்படியே நிற்கும். விடுமுறையா இல்லையா என்பதை அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழகம் வெளியிடும் தேதிகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், வகுப்பு நடக்கிறதா என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

என் மச்சானுக்கு இது எவ்வளவு சொல்லியும் புரியவில்லை. கடைசியில் தடைக்காலத்தை வைத்துத்தான் சொன்னேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, நாட்டுப்படகு போகலாம். கடலும் ஒன்று, நாளும் ஒன்று, தடை மட்டும் படகைப் பொறுத்தது. விசைப்படகுக்காரரான அவர் அதைக் கேட்டதும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

இந்தத் தடைக்காலத்தைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பையன் ஜூனில் கூடுதல் வேலைக்குப் போனதற்குக் காரணமும் அதுதான். படகு கரையில் நின்றது. அதைப் பழுதுபார்க்கும் செலவு வேறு. அடகுக்கு வட்டி கட்ட முடியவில்லை என்று அக்காள் போனில் அழுதாள். நம் கரையில் பல வீடுகளில் இந்த நிலைதான். பிள்ளை மேல் வரும் நெருக்கடி எந்த மாதத்தில் வருகிறது என்று பாருங்கள்: முதுகலை மாணவன் விடுமுறை என்று தவறாக நினைத்துக்கொள்ளும் அதே மாதத்தில் வருகிறது.

மூன்று வாரம்தான் அப்படி வேலை செய்தான். நான்காவது வாரம் கடை மேலாளர், மாணவ ஊழியர்களின் படிப்புக் காலத் தேதிகளைக் காட்டும் பல்கலைக்கழகக் கடிதம் வேண்டும் என்றார். அதை வாங்கி வைத்திருப்பது முதலாளியின் கடமை; அனுமதி மீறிய ஒருவரை வேலைக்கு வைத்தால், முதல் தடவையிலேயே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம் விதிக்க அங்கே சட்டம் இருக்கிறது. கடிதம் கேட்டுப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போன இடத்தில்தான் இவனுக்கே உண்மை தெரிந்தது. அன்றைக்கே கூடுதல் வேலையை நிறுத்திவிட்டான். ஆனால் மணிக்கணக்கு சம்பளச் சீட்டில் ஏறிவிட்டது. மீறல் தெரிய வந்தால் பல்கலைக்கழகம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அதன் உரிமத்துக்கே ஆபத்து. ஆகஸ்டில் விசா ரத்தான கடிதம் வந்தது.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாரம் 16 வீதம் மூன்று வாரத்தில் கூடுதலாக 48 மணி நேரம். அப்போதைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. மொத்தம் 586 பவுண்டு, நம் பணத்தில் 60 ஆயிரத்துச் சொச்சம். அதற்காகப் படிப்புக்குப் பின் அங்கே தங்கி வேலை தேடும் விசாவுக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பும் போயிற்று. இனி எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும், முன்பு விசா ரத்தானதுண்டா என்று கேட்டால் ஆம் என்றுதான் எழுத வேண்டும். மறைத்து எழுதினால் அது இதைவிடப் பெரிய குற்றமாகிவிடும். நெஞ்சு ஆறாத விஷயம் என்னவென்றால், செப்டம்பரில் படிப்பு ஒழுங்காக முடிந்திருந்தால், அதன் பிறகு விசா தீரும் வரை ஏறத்தாழ நான்கு மாதம் அவன் தாராளமாக முழுநேரம் வேலை செய்திருக்கலாம். மூன்று மாதம் பொறுத்திருந்தால் போதும்.

இன்னும் ஒன்று. உணவு விநியோகச் செயலியில் வேறொருவர் பெயரில் ஓட்டினால் மணிக்கணக்கில் சேராது என்று ஊரில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். மாணவர் விசாவில் சுயதொழில் ஒரு மணி நேரம்கூடக் கூடாது. அப்படி ஓட்டுவது 20 மணிக்கு உள்ளேயே நின்றாலும் மீறல்தான். நாட்டுக்கு நாடு வரம்பும் வேறு: ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம். கனடாவில் இருக்கும் அண்ணன் சொன்னதை வைத்து இங்கிலாந்தில் இருக்கும் தம்பி நடக்க முடியாது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுப் படிப்பு பற்றி அடுத்த முறை எழுதும்போது அந்த ஒரு வரியோடு இதையும் சேர்த்து அச்சிடுங்கள்: பிரிட்டனில் முதுகலை படிப்பவர், கோடையில் ஒரு மணி நேரம் கூடுதலாக வேலைக்குப் போவதற்கு முன், தன் படிப்புக்கு உரிய விடுமுறைத் தேதிகளைப் பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டும். அந்தக் கடிதத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. என் மருமகன் மே மாதமே அதைக் கேட்டிருந்தால், மே மாதமே பதில் கிடைத்திருக்கும்.

பையனின் எதிர்காலம் கருதி என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.