பெரியம்மாவின் கறுப்புத் திரை

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு இரவு

அன்புள்ள தாடிக்கு,

ஓணத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தவன் நீ என்பதால், நான்கு மாதம் எழுதாமல் இருந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. வீட்டில் எல்லோரும் நலம். முழங்கால் வலி பெரியம்மாவை விட்டுவிட்டு மாமாவைப் பிடித்திருக்கிறது. எழுத வந்த செய்தி வேறு.

கைப்பேசியில் கடைக்குப் பணம் அனுப்பக் கற்றுத் தர வேண்டும் என்று பெரியம்மா கேட்டதால், என் கைப்பேசித் திரையையே பதிவு செய்து ஆறு நிமிடக் காணொளி ஒன்றை அனுப்பிவைத்தேன். அன்றிரவு ஒன்பது மணிக்கு, தன் கைப்பேசி செத்துவிட்டது என்றும் சார்ஜில் போட்டிருப்பதாகவும் மாமாவின் கைப்பேசியிலிருந்து அழைத்துச் சொன்னார். சைக்கிளில் போய்ப் பார்த்தால் கைப்பேசி நன்றாகவே இருந்தது; செத்தது என் காணொளி. ரகசிய எண்ணைக் கேட்கும் பக்கத்தைப் பாதுகாப்புக்காகத் திரைப்பதிவில் விழாதபடிதான் அமைத்திருக்கிறார்கள். ஆகையால் அந்த இடத்தில் பதினொரு நொடி வெறும் கறுப்பு; அதன் மேல் என் குரல் மட்டும் "இப்போது எண்ணை அழுத்துங்கள்" என்று உற்சாகமாக ஒலித்துக்கொண்டிருந்தது. அனுப்பும் முன் முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

இன்னொரு கைப்பேசியால் மேலிருந்து படம் பிடிக்கலாமே என்று நீ சொல்வாய். அப்படி எடுத்தால் எண்கள் புள்ளிகளாக மறைந்தாலும் விரல் போகும் இடத்தை வைத்து என் ரகசிய எண்ணைச் சொல்லிவிடலாம். அந்தக் காணொளியோ நம் குடும்பக் குழுவில் நாற்பது பேருக்குச் சுற்றும். அதனால் கறுப்பை வெட்டி எறிந்துவிட்டு, எண் பலகை ஒன்றைப் படமாக வரைந்து அங்கே வைத்தேன். "பணம் வாங்குவதற்கு இந்தப் பலகை வரவே வராது, உங்களுக்குப் பணம் வரப்போகிறது என்று சொல்லி யாராவது இந்த எண்ணைக் கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்" என்பதையும் அந்தப் படத்தின் மேலேயே பேசினேன்.

அடுத்தது வேகம். தொகுக்கும்போது முழுக் காணொளியையும் பாதி வேகத்துக்கு இறக்கினேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆனதே தவிர, பெரியம்மாவுக்குப் புரிந்தபாடில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. நான் தொட்டால் திரையில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளி தொட்ட பிறகே வருகிறது, வந்ததும் பக்கமே மாறிவிடுகிறது. போதாக்குறைக்கு அந்தச் செயலியின் பின்னணியும் வெள்ளை. எதைத் தொட்டேன் என்று கண் தேடி முடிப்பதற்குள் தேடும் பொருளே போய்விடுகிறது. இப்போது வழக்கமான வேகத்தில் பதிவு செய்துகொண்டு, ஒவ்வொரு தொடுதலுக்கும் முன்னால் திரையை நான்கு நொடி அசையாமல் நிறுத்துகிறேன். அந்த நான்கு நொடியில் பொத்தானைச் சுற்றி ஒரு தடித்த மஞ்சள் வளையம் வந்து நிற்கும். குரலைப் பிறகு தனியாகச் சேர்ப்பதால் "மஞ்சள் வட்டத்துக்குள் இருப்பதைத் தொடப் போகிறோம்" என்று நிதானமாகச் சொல்ல முடிகிறது. அதன் பிறகே தொடுதல். பதிவின்போதே நிதானமாக நடித்துக் காட்டலாம் என்று முதலில் முயன்றேன். ரகசிய எண் பக்கம் காத்திருந்து காத்திருந்து காலாவதியாகிவிட்டது. ஒவ்வொரு முயற்சிக்கும் உண்மைப் பணம்தான் போக வேண்டும் என்பதால் தங்கையின் கணக்கில் ஒன்பது ஒற்றை ரூபாய்கள் சேர்ந்திருக்கின்றன. அவள் திருப்பித் தர மறுக்கிறாள்.

இவ்வளவும் செய்த பிறகும் பெரியம்மா முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். என் செயலி தமிழில் இருந்தது. அவர் கைப்பேசியை விற்ற கடைக்காரப் பையன் அதை மலையாளத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறான். தமிழுக்கு மாற்றித் தருகிறேன் என்றதற்கு, இத்தனை நாள் பார்த்துப் பழகியதை மாற்றக் கூடாது என்று கையைத் தட்டிவிட்டார். நான் என் செயலியை மலையாளத்துக்கு மாற்றி மறுபடியும் பதிவு செய்தேன். பத்தாவது ரூபாயும் தங்கைக்கே போயிற்று. மேலும், காணொளி ஓடுவதும் பணம் அனுப்ப வேண்டியதும் ஒரே கைப்பேசி என்பது என் மூளைக்கு அதுவரை எட்டவில்லை. ஆறு நிமிடத்தை நினைவில் வைத்துக்கொண்டு செயலிக்குத் தாவ யாரால் முடியும்? கடையின் க்யூஆர் குறியீட்டைப் படம் பிடிப்பது, பெயரைப் பார்ப்பது, தொகையும் ரகசிய எண்ணும் என்று மூன்று துண்டுகளாக, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும்படி வெட்டினேன். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடுவதால், கோப்பாக இணைத்து அனுப்பினேன்.

வியாழக்கிழமை வேலந்தாவளத்தில் மாட்டுத் தீவனம் வாங்கப் போனவர் குறியீட்டைப் படம் பிடித்திருக்கிறார். கடைவாசல் பலகையில் இருந்த பெயர் வராமல் யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்திருக்கிறது. மஞ்சள் வளையம் அந்தப் பெயரின் மேல்தான் அதிக நேரம் நின்றது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, "இது யார்?" என்று கடைக்காரரிடமே கேட்டிருக்கிறார். கணக்கு அவர் மனைவியின் பெயரில் இருக்கிறதாம். மனைவியைக் கடைக்குள்ளிருந்து அழைத்துவரச் சொல்லிப் பார்த்த பிறகே பணத்தை அனுப்பினாராம்.

உன் அம்மாவுக்கும் ஒன்று செய்து தருகிறேன். அவர் கைப்பேசியில் அந்தச் செயலியின் முதல் பக்கம் எந்த மொழியில், எப்படித் தெரிகிறது என்று அப்படியே படம் எடுத்து அனுப்பு. பதினோராவது ரூபாயை உன் கணக்குக்கே அனுப்புகிறேன், திருப்பித் தந்துவிடு.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்