அப்பாவுக்கு: ஹெட்ஜ் இல்லாமல் இனி ஆப்ஷன் விற்காதீர்கள்

அன்புள்ள அப்பா,

இதை வீட்டில் உட்கார்ந்து நேரில் சொல்லத்தான் நினைத்தேன். போன வாரம் கும்பகோணம் வந்தபோது இரண்டு முறை ஆரம்பித்தேன். இரண்டு முறையும் நீங்கள் "விடும்மா, எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. காலையில் உங்களோடு நடக்க வரும் மாமாக்கள் நாலு பேரும் ஓய்வூதியப் பணத்தை வைத்துக்கொண்டு உங்களைப் போலவே, நஷ்டத்துக்கு எல்லை வைக்கும் இன்னொரு ஆப்ஷனை, அதாவது ஹெட்ஜை, வாங்காமலே நிஃப்டி ஆப்ஷன்களை விற்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

நீங்கள் தூங்கிய பிறகு உங்கள் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அதே கையெழுத்து. தேதி, ஸ்டிரைக் என்கிற ஒப்பந்த விலை, விற்ற விலை, வந்த பிரீமியம் என்று நாலு பத்தி. 2023 ஜூலையிலிருந்து 2024 மே வரை வாரத்துக்கு நாலாயிரம், ஐந்தாயிரம் என்று நீல மையில் வரிசையாகப் போகிறது. கூட்டிப் பார்த்தேன், 11 மாதத்தில் 2,31,000 ரூபாய். ஜூன் மாதப் பக்கத்தில் இரண்டே வரிதான் சிவப்பு மையில். அவற்றைக் கூட்டினால் 3,68,500.

முதல் சிவப்பு வரி ஜூன் 4. அதைத்தான் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு நடந்ததை நீங்கள் இன்னும் கெட்ட நேரம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஜூன் 3 திங்கட்கிழமை, மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகளைப் பார்த்துவிட்டு நிஃப்டி மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263-இல் முடிந்தது. இனி எங்கே இறங்கப்போகிறது என்று வியாழக்கிழமை எக்ஸ்பைரிக்கான, அதாவது அன்று காலாவதியாகிற, 22,000 புட் ஆப்ஷனை 38 ரூபாய்க்கு விற்றீர்கள். நிஃப்டி 22,000-க்குக் கீழே எவ்வளவு போகிறதோ அதை வாங்கியவருக்கு நீங்கள் கொடுப்பதாக ஒப்பந்தம். 20 லாட், லாட்டுக்கு 25, ஆக 500 எண்ணிக்கை. கைக்கு வந்தது 19,000 ரூபாய். வழக்கமாக ஒரு வாரத்தில் ஐந்தாயிரம் வருகிற இடத்தில் அன்று நாலு மடங்கு கிடைத்தது. ஏன் அவ்வளவு கொடுத்தார்கள் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும் அப்பா. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. சந்தையின் பதற்றத்தை அளக்கும் இந்தியா விக்ஸ் 21 பக்கம் நின்றது. நாளைக்கு ஏதாவது நடந்துவிடுமோ என்று பயந்தவர்கள் பயத்துக்குக் கொடுத்த விலைதான் அந்த 38 ரூபாய்.

மறுநாள் காலை எண்ணிக்கை தொடங்கியதும் நிஃப்டி சரிய ஆரம்பித்தது. நண்பகலையொட்டி 21,281 வரை போனது. அம்மா சொன்னாள், நீங்கள் காபியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் போனைப் பார்த்தபடி நின்றீர்களாம், காபியில் ஆடை படிந்துவிட்டதாம். ஸ்டாப் லாஸ் போட்டிருந்தேனே என்றீர்கள். போட்டிருந்தீர்கள், ட்ரிகர் 80, லிமிட் 85, அதாவது விலை 80-ஐத் தொட்டால் 85-க்குள் திருப்பி வாங்கும் ஆர்டர். ஆப்ஷன்களில் மார்க்கெட் விலை ஸ்டாப் லாஸை 2021-லேயே என்.எஸ்.இ. நிறுத்திவிட்டது, லிமிட்டோடுதான் போட முடியும். விலை 80-ஐத் தொட்டு உங்கள் ஆர்டர் கிளம்புவதற்குள் 85-ஐத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் அந்த ஆர்டர் திரையில் சும்மா கிடந்தது, நீங்களும் விலை திரும்பி வரும் என்று அதைத் தொடாமல் இருந்தீர்கள்.

இன்னொன்றும் அன்று நடந்தது. நிஃப்டி 22,000-க்கு மேலே இருந்தபோதே உங்கள் புட் விலை பல மடங்கு ஏறிவிட்டது. இன்டெக்ஸ் இறங்கியது ஒரு காரணம், விக்ஸ் முப்பதைத் தாண்டியது இன்னொரு காரணம். இன்னும் எவ்வளவு இறங்குமோ என்ற பயம் ஆப்ஷன் விலைக்குள் ஏறும்போது, விற்றவருக்கு இரண்டு பக்கமும் அடி விழுகிறது. அதே நேரம் அந்த 20 லாட்டுக்குப் பிணையாகக் கணக்கில் வைக்க வேண்டிய மார்ஜினும் கூடியது. முதல் நாள் பத்து லட்சம் போதும் என்ற தரகு நிறுவனத்தார் அன்று பதினைந்து கேட்டார்கள். கணக்கில் இருந்ததே 12 லட்சம், அதிலும் நஷ்டம் போக ஒன்பதுதான் மிச்சம். போதவில்லை என்று செய்தி வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர்களே 655 ரூபாய்க்குத் திருப்பி வாங்கிக் கணக்கை முடித்தார்கள். 617 ரூபாய் வித்தியாசம், 500 எண்ணிக்கை, 3,08,500.

அப்புறம் என்ன நடந்தது என்பதைத்தான் நீங்கள் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறீர்கள். மறுநாள் சந்தை மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறியது. வியாழக்கிழமை நிஃப்டி 22,821-இல் முடிந்தது. 22,000 புட் பூஜ்யமானது. "நான் சொன்னது சரியாத்தானே இருந்தது, ரெண்டு நாள் விட்டிருந்தா முழு பிரீமியமும் எனக்குத்தான்."

ஆமாம் அப்பா, உங்கள் கணிப்பு சரிதான். எனக்குப் பயமே அதில்தான் இருக்கிறது. வியாழன் மாலை நிஃப்டி எங்கே நிற்கும் என்பதைச் சரியாகச் சொல்லியும் மூன்று லட்சம் போனது. செவ்வாய்க்கிழமை மதியத்தைத் தாண்ட உங்களிடம் பணம் இல்லை. நிகழ்தகவு 97 சதவீதம் என்று நீங்கள் போடும் கணக்கு எக்ஸ்பைரி நாளுக்கானது. நடுவில் மார்ஜின் கேட்கும் அந்த ஒரு மணி நேரம் அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. விக்டர் நீடர்ஹோஃபர் என்று அமெரிக்காவில் பேர்போன வர்த்தகர் ஒருவர் இருந்தார். 1997 அக்டோபர் 27-ஆம் தேதி இப்படித்தான் விற்று வைத்திருந்த புட் ஆப்ஷன்களால் அவருடைய நிதியே ஒரே நாளில் அழிந்தது. மறுநாளே சந்தை திரும்பி ஏறியது. அது அவருக்கு எந்த உதவியும் செய்யவில்லை, ஏனென்றால் அப்போது அவரிடம் எதுவும் மிச்சமில்லை.

நான் காப்பீட்டு வேலையில் இருப்பவள். ஆப்ஷன் விற்பதும் பாலிசி விற்பதும் அடிப்படையில் ஒரே தொழில்தான். பிரீமியம் என்ற சொல்லே இங்கும் அங்கும் ஒன்றுதான். ஒரு பெரிய தொழிற்சாலைக்குத் தீ விபத்து பாலிசி கொடுத்தால், அதில் பெரும்பகுதியை மறுகாப்பீட்டுக்கு, அதாவது இன்னொரு நிறுவனத்தின் பொறுப்புக்கு, மாற்றிவிட்டுத்தான் நாங்கள் கையெழுத்துப் போடுவோம். வந்த பிரீமியத்தில் நல்ல பங்கு அதற்கே போய்விடும். மொத்தப் பிரீமியத்தையும் வைத்துக்கொண்டு மறுகாப்பீடு இல்லாமல் ஒரு நிறுவனம் நடந்தால், சில வருடங்கள் அதுதான் ஊரிலேயே அதிக லாபம் காட்டும். உங்கள் நீல மைப் பக்கங்களைப் பார்த்தபோது எனக்கு அந்த நினைப்புதான் வந்தது.

சரி, அன்றைக்கு மறுகாப்பீடு எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜூன் 3 அன்று 21,800 புட் 31 ரூபாய் பக்கம் இருந்தது. 22,000-ஐ 38-க்கு விற்றுவிட்டு 21,800-ஐ 31-க்கு வாங்கியிருந்தால் கையில் நிற்பது 7 ரூபாய், 500-க்கு 3,500. நிஃப்டி எந்தப் பாதாளத்துக்குப் போனாலும் நஷ்டம் 200-இல் 7 போக 193 ரூபாய், மொத்தம் 96,500-க்கு மேல் போகாது. அதற்கு வேண்டிய மார்ஜின் 12 லட்சத்துக்குள் தாராளமாக அடங்கும். செவ்வாய் மதியம் யாரும் உங்கள் கணக்கைத் தொட்டிருக்க மாட்டார்கள். வியாழன் மாலை அந்த 3,500 உங்களுடையதாக இருந்திருக்கும்.

3,500-க்கு இவ்வளவு பாடா என்று கேட்பீர்கள். அந்த வியாபாரத்தில் இருந்த உண்மையான வருமானம் அவ்வளவுதான் அப்பா. மீதி 15,500 ரூபாய், ஒரு கோடி ரூபாய்ப் பொறுப்பை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தனியாகச் சுமப்பதற்குக் கொடுத்த கூலி. மிகையாகச் சொல்லவில்லை. 22,000-ஐ 500-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1,10,00,000 வருகிறது. நிஃப்டி பூஜ்யத்துக்குப் போகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் 12 லட்சம் கரைய அது பாதி தூரம்கூடப் போக வேண்டாம், இன்னும் ஒன்றிரண்டாயிரம் புள்ளி போதும்.

இரண்டாவது சிவப்பு வரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விட்டதைப் பிடிக்க இந்த முறை, நிஃப்டி ஏறினால் பணம் கொடுக்க வேண்டிய கால் ஆப்ஷன் பக்கம் போனீர்கள். ஜூன் 24 அன்று நிஃப்டி 23,537-இல் இருந்தபோது 23,900 கால் ஆப்ஷனை 20 ரூபாய்க்கு விற்றீர்கள், அதே 500 எண்ணிக்கை. தேர்தல் பதற்றம் அடங்கிப் பிரீமியம் எல்லாம் வற்றிப்போயிருந்த நேரம், கிடைத்தது பத்தாயிரம். இந்த முறை பெரிய பாய்ச்சலும் இல்லை, செய்தியும் இல்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 27-ஆம் தேதி 24,044. எக்ஸ்பைரி அன்று 140-க்குத் திருப்பி வாங்கினீர்கள், 60,000 போனது. மூன்று நாளும் நீங்கள் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்து போனதாக அம்மா சொன்னாள். பணத்தைவிட எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

ஒவ்வொரு முறை அந்த ஆப்பைத் திறக்கும்போதும் பத்தில் ஒன்பது தனிநபர்கள் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகமான எஃப் அண்டு ஓ-வில் நஷ்டமடைகிறார்கள் என்று செபி சொல்லச் சொன்ன எச்சரிக்கை வருகிறது. நீங்கள் படிக்காமலே தள்ளிவிடுவதைப் பார்த்தேன். அது ஆப்ஷன் வாங்குகிறவர்களுக்கு, விற்கிறவர்களுக்கு இல்லை என்று உங்கள் டெலிகிராம் குழுவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த எண்ணிக்கை இரு தரப்பையும் சேர்த்தது. உங்கள் நோட்டும் இப்போது அந்த ஒன்பதில்தான் சேரும், 1,37,500 கழித்தலில் நிற்கிறது.

சந்தையையே விட்டுவிடுங்கள் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. ஓய்வுக்குப் பிறகு உங்களுக்குக் காலையில் எழ ஒரு காரணம் அதுதான் என்று தெரியும். ஹெட்ஜ் இல்லாத நேக்கட் ஆப்ஷன் விற்பதை மட்டும் நிறுத்துங்கள். ஹெட்ஜை முதலில் வாங்குங்கள், அது நிறைவேறிய பிறகு விற்பனை ஆர்டர் போடுங்கள், வெளியே வரும்போது விற்றதை முதலில் மூடுங்கள். ஹெட்ஜ் வைத்தால் மார்ஜின் குறைகிறதே, 20 லாட்டை 50 ஆக்கலாமே என்று தோன்றும். அப்படி ஆக்கினால் அந்த 96,500 இரண்டரை லட்சத்தை நெருங்கிவிடும், மறுபடி ஜூன் 4-இல் வந்து நிற்போம். கணக்கில் மூன்று லட்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அம்மா பெயரில் வைப்பு நிதியில் போடுங்கள், லாட் கூட்டும் ஆசைக்கு அதுதான் கடிவாளம்.

உங்கள் நோட்டில் நாலு பத்திதான் இருந்தது என்றேன் இல்லையா, கிளம்புவதற்கு முன் ஜூலைப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு கோடு போட்டு, மேலே "அதிகபட்ச நஷ்டம்" என்று எழுதிவைத்திருக்கிறேன். ஆர்டர் போடுவதற்கு முன் அந்தக் கட்டத்தை நிரப்புங்கள். ஒன்றை விற்று இன்னொன்றை ஹெட்ஜாக வாங்கிய ஸ்பிரெட் என்றால் அங்கே எழுத ஒரு எண் இருக்கும். நேக்கட் கால் என்றால் எழுதவே எண் கிடையாது, அன்றைக்கு ஆர்டர் போட வேண்டாம். வரும் சனிக்கிழமை வருகிறேன். நோட்டை நீங்களே எடுத்துக் காட்டுங்கள் அப்பா.

உங்கள் மகள்