முயற்சியும் சதியும் உடந்தையும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு,

திருட்டு வழக்குச் செய்திகளில் முயற்சி, சதி, உடந்தை மூன்றையும் ஒன்றுபோல எழுதிவிடுகிறார்கள். ஒரு பைக்கைத் திருடலாம் என்று இருவர் பேசி ஒத்துக்கொண்டாலே அது குற்றச் சதி; பைக்கை யாரும் தொட்டிருக்க வேண்டியதில்லை. கள்ளச்சாவி வாங்கி வைப்பது வெறும் ஆயத்தம். அதைப் பூட்டில் நுழைத்துத் திருகும்போதுதான் முயற்சி தொடங்குகிறது. பூட்டு திறக்காவிட்டாலும் தப்ப முடியாது. காலிப் பையில் கைவிட்ட பிக்பாக்கெட்காரனும் முயற்சிக் குற்றவாளியே என்று சட்டமே உதாரணம் சொல்கிறது.

உடந்தையில்தான் குழப்பம் அதிகம். தூண்டுவதும், தெரிந்தே உதவுவதும் அதில் அடங்கும். 'அந்த வண்டியைத் திருடிக்கொண்டு வா' என்று ஒருவன் ஏவ, கேட்டவன் மறுத்துவிட்டாலும் ஏவியவன் மீது குற்றம் உண்டு. ஆனால், விஷயம் தெரியாமல் திருடனுக்கு ஸ்பானர் இரவல் கொடுத்த மெக்கானிக் உடந்தை அல்ல. 'கூட்டாளி' என்று அவரையும் சேர்த்து எழுதுவது அநியாயம்.

நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் உடந்தைக்கு 45, சதிக்கு 61, முயற்சிக்கு 62 ஆவது பிரிவுகள் இருக்கின்றன. செய்தியில் அந்த எண்ணையாவது போடுங்கள்.

- ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர், திருச்சி