மானாமதுரையில் அரை டம்ளர் பால்

தேவிபட்டினம்,
வியாழன் இரவு.

அன்புள்ள தோழிக்கு,

நலமா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டன. தெருவில் மறுபடியும் கருவாட்டு வாசம். இதெல்லாம் கிடக்கட்டும், உன்னிடம் ஓர் உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். ஏன் கேட்கிறேன் என்று புரிய முழுக்கதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். புருஷன் லாஞ்சில் போகிறவன், இவள் கருவாடு காயப்போட்டு விற்கிறாள். மகளுக்கு நாலு வயது. ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம் பிள்ளைக்கு வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது, வாயும் ஒரு பக்கம் கோணியது. ஓடிப்போய்ப் பார்த்தால், பாட்டி வழக்கம்போல் கையில் சாவிக்கொத்தைத் திணித்து வைத்திருந்தாள். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். மூன்று நிமிடத்தில் நின்றுவிட்டது. ராமநாதபுரத்தில் பார்த்த டாக்டர் வலிப்பு மாத்திரையைத் தொடங்கிவிட்டு, "ஒரு கை மட்டும் இழுத்திருக்கு, மூளைல ஒரு இடத்துல ஏதோ இருக்கலாம், மதுரைல எம்.ஆர்.ஐ. எடுத்துடுங்க" என்று எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் காலை ஒன்பது மணிக்கு. எடுக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். அதுவரை பிள்ளை அசையக்கூடாது, அசைந்தால் படம் கலங்கிவிடும். நாலு வயதுப் பிள்ளையை அப்படிப் படுக்க வைக்க முடியாது, மயக்கித்தான் எடுக்க வேண்டும். மயக்கம் என்றால் வெறும் வயிறு. "ராத்திரிக்கு அப்புறம் பிள்ளைக்குச் சாப்பாடு எதுவும் கொடுக்காதே, மாத்திரையை மட்டும் ஒரு வாய்த் தண்ணியில் கொடு, அதை விட்டுவிடாதே" என்று தாயிடம் சொன்னேன். இத்தனை வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான், அதைச் சொன்ன விதத்தில்தான் கோட்டை விட்டேன். அது பின்னால் வரும்.

விடிகாலை மூன்று மணிக்கே பிள்ளையை எழுப்பிவிட்டோம். சீக்கிரம் எழுந்தால் ஸ்கேனுக்குள் போகும்போது தூக்கம் தானாக வரும், மருந்தும் குறைவாகப் போதும் என்று சொல்லியிருந்தார்கள். ஆட்டோ பிடித்து ராமநாதபுரம், அங்கே நாலரை மணிக்கு மதுரை பஸ். தாய், பாட்டி, நான், பிள்ளை. பரமக்குடி தாண்டுவதற்குள் பிள்ளை பாட்டி மடியில் தூங்கிவிட்டது. அதைத்தான் தூங்கவிடக்கூடாது என்று இருந்தோம், ஆனால் அடுத்த ஸீட்டில் நாங்கள் இரண்டு பேருமே தூங்கிப்போயிருந்தோம்!

மானாமதுரையில் பஸ் நின்றபோது கண் விழித்தேன். மணி ஆறேகால். பாட்டி ஒரு பேப்பர் கப்பைக் கசக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டாள். பிள்ளை வாயில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. மறு கையில் பாதி பன் தயாராக இருந்தது. தாய் எட்டிப் பிடுங்கி, அதைத் தன் பையில் போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டிக்கு ஒரே கோபம். "சாப்பாடு குடுக்கக்கூடாதுன்னுதானே சொன்னாக? பால் எப்படிச் சாப்பாடாகும்? பச்சப்புள்ள வயிறு காஞ்சு கெடக்கு."

அவள் சொன்னதில் தப்பில்லை. நம் ஊரில் பால் சாப்பாடு இல்லைதான். விரதம் இருக்கிறவர்களே பால் குடிக்கிறார்கள். ஆனால் வயிற்றுக்கு அந்தக் கணக்கு தெரியாது. பால் உள்ளே போனதும் திரிந்து கட்டியாகிவிடும், வெளியேற இட்லி அளவுக்கு நேரம் எடுக்கும். மாட்டுப் பாலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நாலு, வெறும் தண்ணீருக்கு இரண்டு என்றுதான் மயக்க டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள். மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். விழித்திருந்தால் இருமித் துப்பிவிடுவோம். மயங்கிக் கிடக்கிற பிள்ளைக்கு வயிற்றில் இருப்பது மேலேறினால் நேராக நுரையீரலுக்குப் போகும். இதையெல்லாம் பாட்டியிடம் ஒரு தடவை உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். "பால்கூடக் கூடாது, டீத்தண்ணி கூடாது, பிஸ்கட் கூடாது" என்று பேர் சொல்லியாவது சொல்லியிருக்க வேண்டும். நான் தாயிடம் மட்டும் சொன்னேன், அதுவும் "சாப்பாடு" என்று.

மாட்டுத்தாவணியில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிற வரைக்கும் பாட்டி ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள். "கேட்டா ராத்திரி சாப்பிட்டதுதான்னு சொல்லிரு. இல்லேன்னா திருப்பி அனுப்பிருவாக. ஆட்டோ, பஸ்சு எல்லாம் தெண்டம்." உண்மையைச் சொல்லட்டுமா, எனக்கும் ஒரு நொடி சபலம் தட்டியது. அரை டம்ளர் பால்தானே, ஒன்பதரை ஆகிவிடும், மூன்று மணி நேரம் ஆகியிருக்குமே என்று. எனக்கே அப்படித் தோன்றியதென்றால் மற்றவர்களை என்ன சொல்ல!

மயக்க டாக்டர் அம்மா சின்ன வயசுதான். எடை பார்த்தார்கள், பதினாலு கிலோ. "கடைசியா என்ன சாப்பிட்டா, எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். பாட்டி முந்திக்கொண்டு, "ராத்திரி எட்டு மணிக்கு இட்லிங்க" என்றாள். பிள்ளையின் தாய் தலை நிமிராமல், "இல்லை மேடம், ஆறேகாலுக்குப் பால் குடிச்சிட்டா. அரை டம்ளர்" என்றாள்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் விரல் விட்டு எண்ணினார். "ஆறேகாலோட ஆறு, பன்னிரண்டேகால். பன்னிரண்டரைக்கு வெச்சுக்கலாம். நடுவுல வர்றவங்களை எடுத்துடறேன். பத்தேகால் வரைக்கும் தண்ணி குடுக்கலாம், அதுக்கப்புறம் அதுவும் வேணாம்." அவ்வளவுதான். சொல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அடுத்த மூன்று மணி நேரத்தை எழுதி மாளாது. பசியில் பிள்ளை அழுத அழுகையில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு நகை கழற்றச் சொன்னார்கள். பிள்ளைக்குக் கொலுசு, வெள்ளி அரைஞாண், தர்காவில் மந்திரித்துக் கட்டிய தாயத்து. தாயத்தை அறுக்க மாட்டேன் என்றாள் தாய். டெக்னீஷியன் நல்ல மனுஷன். "அறுக்க வேணாம்மா, முழுசாக் கழட்டி உங்க கையில வெச்சுக்கங்க. அதுக்குள்ள என்ன தகடு இருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது" என்றார். சிக்கல் அவளிடமே இருந்தது. பிள்ளையோடு உள்ளே நிற்பதென்றால் அவள் மேலும் இரும்பு இருக்கக்கூடாது. சேலையில் இரண்டு ஊக்கு, தாலிக் கயிற்றில் மூன்று, கொண்டையில் ஊசிகள். தாலியில் ஊக்கு தொங்கவிடாத பெண் நம் பக்கத்தில் யார்? வெள்ளியும் தங்கமும் காந்தத்திடம் போகாது, சூடேறவும் படத்தைக் கெடுக்கவும்தான் செய்யும். ஊக்கு எஃகு. கதவுக்குப் பக்கத்திலேயே பறந்து போகும், படுத்திருக்கிற பிள்ளை முகத்தில்கூடக் குத்தும். "இப்பத்தான் மிஷின் ஓடலையே" என்று பாட்டி கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கே புதுசு. உள்ளே திரவ ஹீலியத்தில் உறைந்து கிடக்கிற கம்பிச்சுருளில் மின்சாரம் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்குமாம். கரண்ட் போனாலும் காந்தம் போகாது, ராத்திரியும் பகலும் அது காந்தம்தான்.

தூக்க மருந்து ஏழு மில்லி கொடுத்தார்கள். பிள்ளை துப்பாமல் குடித்துவிட்டது, ஆனால் தூங்கவில்லை. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தூங்கியாயிற்றே! நாற்பது நிமிடம் கழித்து ஒருவழியாகச் சொக்கியதும் உள்ளே கொண்டுபோனார்கள். மெஷின் முதல் தட்டுத் தட்டியதும் எழுந்து வீல் என்று கத்தியது. அப்புறம் டாக்டர் நரம்பில் ஊசி போட்டு, விரலில் ஆக்ஸிஜன் பார்க்கிற கிளிப் மாட்டி, முழு நேரமும் பக்கத்திலேயே இருந்தார். வயிறு காலியாக இருந்ததால்தான் அந்த ஊசியைத் தைரியமாகப் போட முடிந்தது என்று பிற்பாடு சொன்னார். கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒரு மருந்தை ஏற்றித் திரும்ப எடுத்தார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தாய் பிள்ளையின் காலடியிலேயே நின்றாள். வெளியே வந்ததும் "எப்படிடி இருந்துச்சு?" என்றேன். "லாஞ்சு இஞ்சின் கெட்டுப்போய்த் திக்கித் திக்கி ஓடுற மாதிரி இருந்துச்சுக்கா" என்றாள்.

முடிவு கெட்டதில்லை. மூளையின் இடது பக்கத்தில் எட்டு மில்லிமீட்டருக்குச் சின்ன வளையம், அதற்குள் ஒரு புள்ளி. இடது பக்கம் இருப்பதால்தான் வலது கை இழுத்தது. அந்தப் புள்ளி நாடாப்புழுக் குஞ்சின் தலையாம். காசநோய்க் கட்டியும் வளையமாகத் தெரியும், பெரும்பாலும் இதைவிடப் பெரிதாக, கரடுமுரடாக இருக்கும், புள்ளி இருக்காது என்று டாக்டர் விளக்கினார். "நாங்க பன்னியே தொடமாட்டோமே" என்றாள் பாட்டி. சரியாக வேகாத பன்றிக்கறி தின்றால் புழு குடலில்தான் வளரும். அந்தக் குடல்காரர் சரியாகக் கை கழுவாமல் விட்டால், முட்டை தண்ணீரிலும் பச்சைக் காய்கறியிலும் ஒட்டி யார் வாய்க்கும் போகும், சைவக்காரர்களுக்கும் வரும். வீட்டில் எல்லோருக்கும் மலப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்கு மாமியாரைச் சம்மதிக்க வைத்த கூத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும். பிள்ளைக்குப் புழு மருந்து, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை தொடரும். ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன், வளையம் கரைந்திருக்கிறதா என்று பார்க்க.

மயக்கம் தெளிந்து, தண்ணீர் குடித்து, வாந்தி எடுக்காமல் நாலு எட்டு நடந்த பிறகுதான் விட்டார்கள். சாயங்காலம் ஐந்து மணி ஆகிவிட்டது. பஸ் ஏறியதும் தாய் பையைத் திறந்து காலையில் பிடுங்கிய பன்னைப் பாட்டி கையில் கொடுத்தாள். "நீயே குடு அத்தே" என்றாள். காலையிலிருந்து இரண்டு பேருக்கும் நடந்த முதல் பேச்சு அதுதான்.

இப்போது உன் விஷயம். அடுத்த ஸ்கேன் நவம்பர் கடைசியில். உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று இந்தத் தடவை சொல்லாமல் வந்துபோனது என் முட்டாள்தனம். முந்தின நாள் சாயங்காலமே வந்து உன் வீட்டில் இரண்டு பேர், ஒரு பிள்ளை தங்கிக்கொள்ளலாமா? பஸ்ஸில் தூங்குகிற பிரச்சினை இருக்காது, யார் என்ன கொடுக்கிறார்கள் என்று என் கண் முன்னால் இருக்கும். பாட்டி வரமாட்டேன் என்கிறாள், எனக்கென்னவோ அவளையும் கூட்டிவரத்தான் தோன்றுகிறது. அப்படியென்றால் மூன்று பேர். தலையணை நாங்களே கொண்டுவருகிறோம். மாசிக் கருவாடும் கொண்டுவருகிறேன். உன் வீட்டுக்காரர் வாசம் பொறுப்பாரா என்பதையும் சேர்த்து எழுது.

உன் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்