நோன்புக்கு வர்றதுக்கு முன்னாடி அந்தப் பேப்பரைத் திருத்திக்க

ராசா,

பலகாரக் கடையைப் பெருசு பண்ண சொந்தத்துல கடன் கேக்குறதுக்குன்னு நீ அனுப்புன பி.டி.எஃப்-ஐ அப்பச்சி ஃபோன்ல பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்தேன், கண்ணு வலிச்சதால தேவகோட்டை ரஸ்தாவுல இருக்க ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்துட்டு வந்து வச்சிருக்கேன். படம் எல்லாம் போட்டு அழகாத்தான் பண்ணிருக்க, பக்கத்து வீட்டு ஆச்சி பாத்துட்டு பேங்க்ல குடுக்குற மாதிரில்ல இருக்குன்னு சொன்னாக, எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா அதை அனுப்புனதுலேர்ந்து நீ ஃபோனே எடுக்கல. சீசன் வேலை இருக்கும், சரி. அதான் எழுதுறேன், எழுத்துன்னா ராத்திரி கடை சாத்துன பிறகாவது படிப்ப.

பிள்ளையார் நோன்புக்கு பெரியப்பச்சி, அம்மான், ஆயா எல்லாரும் இங்கதான் வர்றாக. இழை எடுத்து முடிச்சு பலகாரம் சாப்பிட்டு உக்காந்த பிறகு நீ பேச்சை எடு, அதுக்கு முன்னாடி வேணாம். அம்மான் மொத மொத என்ன கேப்பாகன்னு எனக்குத் தெரியும். உங்க ஐயா பினாங்குல பெட்டியடிப் பையனா இருந்து கத்துக்கிட்ட கணக்கைத்தான் எனக்கும் அம்மானுக்கும் சொல்லிக் குடுத்தாக. எவ்வளவு வரும்னு யாரும் முதல்ல கேக்க மாட்டாக. இப்ப உன் ஐந்தொகை என்னன்னு கேப்பாக. கையில என்ன இருக்கு, யாருக்கு என்ன குடுக்கணும், யாரு உனக்குக் குடுக்கணும். உன் பேப்பர்ல நாலு பக்கம் இருக்கு, இது ஒரு வரி கூட இல்ல. அதை எழுது.

செலவுல இருந்து வர்றேன். பக்கத்து ஷட்டருக்கு அட்வான்ஸ் 1,00,000, டைல்ஸ் ஒயரிங் கவுண்டர் போர்டுக்கு 1,20,000, அடுப்பு சட்டி ரேக் சீலிங் மெஷினுக்கு 1,30,000, ஆக 3,50,000-னு போட்டிருக்க. கடையைத் திறக்க இது போதும், நடத்த எங்க இருக்கு? மாவு, எண்ணெய், கவர் எல்லாம் நிறைச்சு வைக்கணும், கல்யாண ஆர்டர்காரங்க பலகாரத்தை வாங்கிட்டுப் போய் ஒரு மாசம் கழிச்சுத்தான் காசு குடுப்பாங்க, அதுக்கு ஒரு 80,000 வேணும். வியாபாரம் சூடு பிடிக்குற வரைக்கும் வாடகையும் சம்பளமும் நிக்காது, அதுக்கு 70,000 தனியா ஒதுக்கணும். அப்ப மொத்தம் 5,00,000. உன் கைக்காசு 50,000 போக 4,50,000 கேக்கணும். நீ 3 லட்சம் கேட்டுட்டு நாலாவது மாசம் திரும்ப வந்து இன்னும் ஒன்னரை குடுங்கன்னு நின்னா, மொதல்ல குடுத்தவுகளுக்கே பயம் வந்துரும். ஒரே தடவையில சரியாக் கேளு.

இப்ப லாபம். மாசம் 2 லட்சம் கூட விக்கும், 45 பெர்சென்ட் லாபம், 90,000 நிக்கும்னு எழுதிருக்க. அம்மான் அதைப் பாத்து சிரிச்சுருவாக ராசா. சாமான் செலவு போக நிக்குறதுதான் அந்த 45. அதுல இருந்து புது ஷட்டர் வாடகை 12,000, ஒரு மாஸ்டரும் ஒரு கையாளும் 35,000, கேஸ் கரன்ட் 8,000, ஆக 55,000 போகணும். 2 லட்சம் வித்தா நிக்குறது 35,000. அதுவும் நல்ல காசுதான், நான் குறை சொல்லல. ஆனா 1 லட்சம்தான் வித்துச்சுன்னா? 45,000 வரும், 55,000 போகும், மாசம் 10,000 கையை விட்டுப் போட்டுக்கிட்டே இருக்கணும். விக்கணும்னு ஆசைப்படுறதுல பாதி வித்தா பாதி லாபம் வரும்னு நினைச்சுக்காத, நஷ்டம்தான் வரும். வாடகையும் சம்பளமும் பாதியாகாதுல்ல.

அதனால பேப்பர்ல மொத வரியா இதைப் போடு: 55,000-ஐ 45 பெர்சென்டால வகுத்தா சுமார் 1,22,000. புதுப் பக்கத்துல மாசம் இவ்வளவு வித்தாத்தான் கையைக் கடிக்காது. இதுக்கு மேல கடன். நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டின்னா 4,50,000-க்கு மாசம் 4,500, அசலை மூணு வருஷத்துல அடைக்கணும்னா மாசம் 12,500, ரெண்டும் 17,000. அப்ப 72,000 நிக்கணும், அதுக்கு 1,60,000 விக்கணும், அதாவது நாளைக்கு 5,300 ரூபாய்க்கு மேல. தை மாசத்துல ஒரு பத்து நாள் பக்கத்துக் கடை வாசல்ல ஒரு டேபிள் போட்டு விக்கலாமான்னு அந்த ஓனர்கிட்டக் கேட்டுப் பாரு, 5,300 எட்டுதான்னு தெரிஞ்சுரும். தீபாவளி வாரத்து வியாபாரத்தை வச்சு சராசரி போடாத. ஆடியில கல்யாணம் இல்ல, மார்கழியில இல்ல, அந்த ரெண்டு மாசத்து நோட்டை எடுத்துப் பாரு.

மாசா மாசம் அசல் கட்டுறேன்னு எழுதிருக்கியே, அதையும் மாத்து. வட்டியை மாசாமாசம் குடு. அசல்ல வருஷம் 1,50,000, அதுல தீபாவளி முடிஞ்சு 90,000, சித்திரை வைகாசி கல்யாண சீசன் முடிஞ்சு 60,000. காசு வர்ற நேரத்துல குடுக்குறேன்னு சொன்னா நம்புவாக. ஆடி மாசத்துலயும் 12,500 தர்றேன்னு சொல்லிட்டுத் தராமப் போனா அதுக்கப்புறம் நீ என்ன சொன்னாலும் எடுபடாது. ஒரு தவணை தவறிப் போறாப்ல இருந்தா பத்து நாள் முன்னாடியே நீயா ஃபோன் பண்ணிச் சொல்லிரு. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் உனக்குக் காதுல ஏறாது, நீயா ஃபோன் பண்ணிச் சொல்லணும், அவுக கேக்குற வரைக்கும் இருக்கக்கூடாது.

ரிஸ்க்னு ஒரு பக்கம் போட்டு போட்டி அதிகம், விலைவாசின்னு பொதுவா எழுதிருக்க. அது எல்லாக் கடைக்கும் உள்ளது. உன் கடைக்கு என்னன்னு எழுது. எண்ணெய் விலை ஏறி 45 பெர்சென்ட் 42 ஆச்சுன்னா 1,22,000 போய் 1,31,000 ஆயிரும். மாஸ்டர் சீசன்ல போயிட்டா தேன்குழலும் சீப்புச் சீடையும் யாரு போடுவா, உன் வீட்டுக்காரி போடுவாளா, அவகிட்டக் கேட்டியா? அப்புறம், கடையை மூட வேண்டி வந்தா என்ன திரும்ப வரும்? அட்வான்ஸ் 1,00,000 வரும், அடுப்பு ரேக் எல்லாம் பாதி விலைக்குப் போனா ஒரு 60,000. டைல்ஸும் ஒயரிங்கும் வீட்டுக்காரனுக்குத்தான். ஆக 5 லட்சத்துல 3,40,000 போனது போனதுதான். இதை நீயே வாயைத் திறந்து சொன்னின்னா பெரியப்பச்சி குடுப்பாக. அவுகளுக்கு பேங்க்ல போட்டா ஆறு ஏழு பெர்சென்ட் கிடைக்குது, உன்கிட்ட பன்னெண்டு கிடைக்கும், ஆனா பேங்க்ல அசல் பத்திரமா இருக்கு. அந்த வித்தியாசம் எதுக்குன்னு அவுகளுக்குத் தெரியும், உனக்குத் தெரியுமான்னுதான் பாப்பாக.

ஆயாகிட்டக் கேக்காத. ஆஸ்பத்திரிக்குன்னு வச்சிருக்க எஃப்.டி. அது. குடுக்குறேன்னு அவுக சொன்னாலும் வேணாம்னுரு.

கையில காசா வாங்காத. 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கடனை ரொக்கமா வாங்கக்கூடாதுன்னு வருமான வரிச் சட்டத்துல இருக்கு, சொந்தக்காரங்களுக்கும் அதான் சட்டம், திருப்பிக் குடுக்கும்போதும் அதே கதைதான், மாட்டுனா வாங்குன தொகை அளவுக்கே அபராதம். எல்லாம் அக்கவுன்ட்ல வரட்டும். புரோநோட் எழுதி ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு நீயாவே குடு. அவுக கேக்க சங்கடப்படுவாக. அது மூணு வருஷத்துக்குத்தான் செல்லும், நீ அடைக்கிறதும் மூணு வருஷம், அதனால அது முடியுறதுக்குள்ள பாக்கி இருந்தா புதுசா எழுதிக் குடுத்துரு.

ஐந்தொகைக்கு வர்றேன், அதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்குது. உன் பேப்பர்படியே பழைய கடையில மாசம் 3 லட்சம் வியாபாரம், எல்லாம் போக 50,000, வீட்டுக்கு 30,000 எடுத்தா 20,000 மிச்சம். ஒரு வருஷத்துக்கு 2,40,000. அப்ப உன் கைக்காசு ஏன் 50,000-ன்னு அம்மான் கேப்பாக. நான் கேக்கல, அம்மான் கேப்பாக. போன வாரம் செக்கு எண்ணெய்க் கடைக்காரர் சந்தையில பாத்தப்ப தம்பி நல்லா இருக்காரா, ஃபோன் பண்ணா எடுக்க மாட்டேங்குறாருன்னு விசாரிச்சாரு, நான் சீசன் வேலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவர் பாக்கியைப் பத்தி ஒன்னும் சொல்லல, நல்ல மனுசன்.

இங்க தெருக்கோடியில ஒரு பையன் தண்டல் வாங்கிருக்கான். 10,000-னு பேரு, 1,500 பிடிச்சுக்கிட்டு 8,500 தான் கையில, நாளுக்கு 100 வீதம் 100 நாள். பாக்க லேசா இருக்கும், கணக்குப் போட்டா மாசம் நூத்துக்குப் பத்து ரூபாய் வட்டிக்கு மேல வருது. அவன் 50,000-க்கு வாங்கி நாளைக்கு 500 கட்டுறான், மாசம் 15,000. 20,000 மிச்சம் வர்ற கடையா இருந்தாலும் 5,000 தான் நிக்கும். அந்த மாதிரி ஒருத்தன் இருந்தான்னா, புது ஷட்டரை விட மொதல்ல அதை அடைக்கக் கடன் கேக்குறதுதான் பெரிய லாபம். சொந்தத்துல 50,000-க்கு மாசம் 500 தான் வட்டி. விரிவாக்கத்தை ஒரு வருஷம் தள்ளிக்கிட்டா யாரும் குறைச்சலா நினைக்க மாட்டாக. ஆனா அதை மறைச்சு டைல்ஸ் கணக்குக்குள்ள போட்டு வாங்கி, பின்னாடி தெரிய வந்தா, பெரியப்பச்சி வாசல்படி ஏற மாட்டாக. அந்தப் பையனுக்குச் சொல்றேன்.

பேத்தி எடுக்குற வயசு வரைக்கும் கடை நடத்தணும் நீ, அதுக்குக் கை ருசி இருக்கு உனக்கு. மணகோலம் உன் கடையில வாங்குன மாதிரி இங்க காரைக்குடியிலயே கிடைக்கலன்னு உன் ஆச்சி மாப்பிள்ளை சொன்னாக. வேளைக்குச் சாப்பிடு. அப்பச்சிக்கு முட்டி வலி பரவாயில்ல.

புதன்கிழமைக்குள்ள அந்த ஐந்தொகையை மட்டும் ஒரு பக்கத்துல எழுதி ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, பேனாவுல எழுதுனாப் போதும். எண்ணெய்க் கடைப் பாக்கியை மொத வரியாப் போடு. அதுக்குக் கீழ வேற ஏதாச்சும் இருந்தா அதையும் போடு. அப்பச்சி ஃபோனுக்கு அனுப்பாத, உன் ஆச்சி ஃபோனுக்கு அனுப்பு, அவ எனக்குக் காட்டுவா. அம்மான்கிட்ட எதை எப்புடிச் சொல்றதுன்னு நம்ம ரெண்டு பேரும் அதுக்கப்புறம் பேசிக்குவோம்.

ஆத்தா